இத்தாலி லைசென்ஸை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பலெர்மோவிலும் நாப்போலியிலும் ரெஜ்ஜோ எமீலியாவிலும் இருந்துவிட்டு சிட்னிக்கு வந்த நம்மவர்கள் கையில் ஒரு இத்தாலிய ‘பத்தெந்தே’ இருக்கும். அதை நியூ சவுத் வேல்ஸ் லைசென்ஸாக மாற்ற மொழிபெயர்ப்பு வேண்டும். இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால் தொலைபேசியில் வரும் சந்தேகங்களில் பாதி ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். வேறு மாநிலத்தில், வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு அலுவலக நடைமுறை மாறும். கார்டை வாசிக்கும் விதம் மாறாது.

அக்கா, எனக்கு இத்தாலி பாஷை நல்லாத் தெரியும். நானே இங்கிலீசில எழுதிக் குடுத்தா எடுக்கமாட்டினமோ?

எடுக்க மாட்டார்கள். அவுஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று கொடுக்கும் அமைப்பு நாட்டி. அதன் சான்று பெற்றவர் செய்து, தன் முத்திரை வைத்த மொழிபெயர்ப்புத்தான் கவுண்டரில் செல்லும். முத்திரையில் பெயர், அடையாள எண், மொழித் திசை எல்லாம் இருக்கும். திசையைக் கவனியுங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சான்று பெற்றவர் நல்ல இத்தாலி பேசினாலும், இத்தாலிய கார்டில் அந்த முத்திரையை வைக்க முடியாது.

காசு கொடுக்கும் முன் ஒன்று பாருங்கள். நிரந்தர விசாவும் வேறு சில விசாக்களும் உள்ளவர்களுக்கு, விசா கிடைத்த முதல் இரண்டு ஆண்டுக்குள் பத்து ஆவணங்கள் வரை இலவசமாக மொழிபெயர்த்துத் தரும் உள்துறைத் திணைக்களத்தின் சேவை ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் உரிமமும் அதில் அடங்கும். எனக்கு வரும் வேலை குறையும்தான், இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

இத்தாலியில எடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட் கிடக்கு. அது இங்கிலீசிலயும் இருக்குதானே, அது காணாதோ?

ஊர் பார்க்க வந்தவருக்கு அது உதவும், லைசென்ஸ் மாற்ற உதவாது. அந்தப் புத்தகம் உங்கள் லைசென்ஸுக்குத் துணையான தாள் மட்டுமே. அதில் முதல் லைசென்ஸ் எடுத்த தேதி கிடையாது, கார்டின் பின்பக்கத்தில் 12-ஆம் நிரலில் உள்ள குறியீடுகளும் அப்படியே வராது. மாற்றும் அலுவலருக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

நாள் கணக்கையும் மறக்க வேண்டாம். நிரந்தர விசாவோடு வந்து நியூ சவுத் வேல்ஸில் குடியிருப்பவர் வெளிநாட்டு லைசென்ஸில் மூன்று மாதம் ஓட்டலாம். தற்காலிக விசாவென்றால் ஆறு மாதம்.

கார்டில எழுத்தே இல்லை, எல்லாம் நம்பர்தானே. இதில மொழிபெயர்க்க என்ன கிடக்கு?

சிக்கலே அதில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா நாட்டுக் கார்டுகளும் ஒரே அச்சு. தலைப்புகளை எழுதாமல் எண் மட்டும் போட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் 1 குடும்பப் பெயர், 2 முதற்பெயர், 3 பிறந்த தேதியும் இடமும், 4a கார்டு கொடுத்த தேதி, 4b அது முடியும் தேதி, 4c கொடுத்த அலுவலகம், 5 லைசென்ஸ் எண். பின்பக்கத்தில் ஒரு அட்டவணை: 9 வாகனப் பிரிவு, 10 அந்தப் பிரிவை முதலில் பெற்ற தேதி, 11 அது முடியும் தேதி, 12 குறியீடுகள். ஐரோப்பாவுக்குள் எந்தப் பொலிசுக்கும் இது மனப்பாடம். சிட்னியில் கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு இது வெறும் எண்கள். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் பெயரை எழுதுவதுதான் மொழிபெயர்ப்பின் முதல் பாதி.

4c-யில் இப்போதைய கார்டுகளில் MIT-UCO என்று இருக்கும். உட்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சின் மத்திய செயற்பாட்டு அலுவலகம் என்பதன் சுருக்கம் அது. பழைய கார்டுகளில் MC என்று போட்டுப் பக்கத்தில் மாகாணத்தின் இரண்டு எழுத்து நிற்கும். சுருக்கத்தை அப்படியே வைத்து விரிவையும் எழுத வேண்டும். லைசென்ஸ் எண்ணில் சுழியமும் O எழுத்தும் மாறிப்போகும் ஆபத்து உண்டு. மங்கலான ஃபோட்டோ அனுப்பினால் நான் திருப்பிக் கேட்பது அதற்காகத்தான்.

B எண்டா கார்தானே. இங்க கார் லைசென்சுக்கு C எண்டு சொல்லுறாங்கள். நீங்கள் C எண்டே எழுதிவிட்டா லேசு இல்லையோ?

லேசு இல்லை, பெரிய வில்லங்கம். இத்தாலியில் B என்பது 3,500 கிலோ வரையுள்ள, ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேர் வரை ஏறும் வாகனம். C என்பது 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லொறி. நியூ சவுத் வேல்ஸில் C வகுப்பு என்றால் கார், அதாவது 4.5 தொன் வரை. ஒரே எழுத்து, இரண்டு நாட்டில் இரண்டு பொருள். நான் B-யை C என்று எழுதினால், கார்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கார்டில் இல்லாத ஒரு பிரிவு தாளில் தெரியும். மொழிபெயர்ப்பு பொய் என்றாகிவிடும்.

எழுத்தை அப்படியே விட்டு, அது இத்தாலியில் எந்த வாகனத்தைக் குறிக்கிறது என்று எடை, இருக்கைக் கணக்கோடு பக்கத்தில் எழுதுவதுதான் சரியான வழி. இங்கே எந்த வகுப்புக்குச் சமம் என்று முடிவு செய்வது அலுவலரின் வேலை, என் வேலை இல்லை. ஒரு முறை ஒருவர் யாரோ ஏஜென்ட் செய்து கொடுத்த தாளைக் கொண்டுவந்தார். அதில் B-யும் C ஆகியிருந்தது, C-யும் C ஆகவே இருந்தது. லொறி ஓட்டும் மனிதருக்கு இரண்டு வரியிலும் கார்! கவுண்டரில் அவரைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நான் லைசென்ஸ் எடுத்தது 2011ல. கார்டில 2024 எண்டு கிடக்கு. புதுசா எடுத்த ஆள் எண்டு P பிளேட் தந்துவிடுவாங்களோ?

இந்தப் பயம் நியாயமானது. இங்கே மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் லைசென்ஸ் வைத்திருந்தவருக்குத்தான் முழு உரிமம், குறைந்தால் P. இத்தாலியில் 2014 ஜனவரியிலிருந்து புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் கார்டே அச்சடித்து அனுப்புகிறார்கள். முன்பு பழைய கார்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் முன்பக்கத்து 4a எப்போதும் கடைசியாகப் புதுப்பித்த தேதிதான். உங்கள் அனுபவம் பின்பக்கத்தில் 10-ஆம் நிரலில் இருக்கிறது.

ஒரு கார்டை எடுத்துப் பார்ப்போம். எண்கள் நான் உருவாக்கியவை, சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வைத்திருக்கிறேன்.

```
4a  20/02/24     4b  09/03/34

9    10         11         12
B    14/06/11   09/03/34
C    22/10/15   09/03/29   95(15.11.27)
12.  01.06
```

இவர் பிறந்தது மார்ச் 9. இத்தாலியில் லைசென்ஸ் பிறந்த நாளில் முடியும்படிதான் கொடுக்கிறார்கள். ஐம்பது வயது வரை B-க்குப் பத்து ஆண்டு, அதனால் 2034. C-க்கு ஐந்தே ஆண்டு, அதனால் 2029. கார் ஓட்டத் தொடங்கியது 2011 ஜூன் 14 என்று 10-ஆம் நிரல் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் 4a-வுக்கு ‘இந்தக் கார்டு கொடுத்த தேதி’ என்றும், 10-க்கு ‘இந்தப் பிரிவை முதலில் பெற்ற தேதி’ என்றும் தெளிவாகப் பிரித்து எழுதினால் P பேச்சே வராது. இரண்டுக்கும் வெறுமனே ‘வழங்கிய தேதி’ என்று எழுதினால்தான் நீங்கள் பயப்படுவது நடக்கும். பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தத் தாளில் 2011 எங்குமே இருக்காது.

மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுவது என் வழக்கம். இங்கே நாள்தான் முதலில் வரும், குழப்பம் குறைவு. நாளைக்கே அதே தாளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் 09/03 செப்டம்பர் ஆகிவிடும்.

12ம் நிரல்ல என்னவோ கோட் போட்டிருக்கு. கமராவில மாட்டுப்பட்டு பொயின்ட் போனது அதுவோ?

இல்லை. இங்கிலாந்தில் லைசென்ஸில் குற்றக் குறியீடு ஏறும் கதையைக் கேட்டவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். இத்தாலியில் எல்லோருக்கும் 20 புள்ளியோடு தொடங்கும், ஒழுங்காக ஓட்டினால் 30 வரை ஏறும், குற்றத்துக்குக் குறையும். அந்தக் கணக்கு அமைச்சின் பதிவேட்டில் இருக்கிறது, கார்டில் ஒரு இடத்திலும் அச்சாவதில்லை. எனவே மொழிபெயர்ப்பிலும் வராது.

12-ல் வருபவை வேறு. நீங்கள் எந்த நிபந்தனையில் ஓட்டலாம், வாகனம் எப்படி இருக்க வேண்டும், இந்தக் கார்டு எப்படி வந்தது என்பவை. இரண்டு இலக்க எண்கள் ஐரோப்பா முழுதுக்கும் பொது. 100-லிருந்து மேலே போகும் எண்கள் அந்தந்த நாட்டின் சொந்தக் குறியீடுகள். பொதுப் பட்டியலில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. அப்படி ஒன்று இருந்தால் இத்தாலிய விதியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது.

01.06 எண்டா என்ன? கண்ணாடியோ? பிறகு எனக்கு 78 எண்டும் கிடக்கு.

01 என்பது பார்வைத் திருத்தம். 01.01 கண்ணாடி, 01.02 கான்டாக்ட் லென்ஸ், 01.06 இரண்டில் ஏதாவது ஒன்று. 78 என்பது தானியங்கி கியர் உள்ள வாகனம் மட்டும். ஓட்டோமேட்டிக் காரில் பரீட்சை எழுதியவர்களுக்கு இது வரும். இங்கே கண் பரிசோதனை எப்படியும் செய்வார்கள், ஆனாலும் 01-ஐ விட்டுவிட்டு மொழிபெயர்க்கக் கூடாது. 78-ஐ விட்டால் கியர் கார் ஓட்டத் தெரியாத ஒருவருக்குக் கியர் காரை அனுமதிக்கும் தாள் ஆகிவிடும்.

இதில் எண்ணைவிட அது நிற்கும் இடம் முக்கியம். குறியீடு ஒரு பிரிவின் வரிக்குள் இருந்தால் அந்தப் பிரிவுக்கு மட்டும். அட்டவணைக்குக் கீழே தனி வரியில் இருந்தால் எல்லாப் பிரிவுக்கும். மேலே காட்டிய கார்டில் 01.06 கீழே இருக்கிறது, ஆகவே காருக்கும் லொறிக்கும் கண்ணாடியோ லென்ஸோ வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பு அட்டவணையை அட்டவணையாகவே தரும். குறியீடுகளை எல்லாம் அள்ளிக் கடைசியில் ஒரு பத்தியாகப் போட்டால் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு 68, 69 ரெண்டும் கிடக்கு. அதை மட்டும் விட்டுட்டு எழுத ஏலாதோ அக்கா?

ஏலாது. 68 என்றால் மது அறவே கூடாது. 69 என்றால் மூச்சில் மது இருந்தால் ஸ்டார்ட் ஆகாத பூட்டு வைத்த வாகனம் மட்டும். 12-ல் குற்றம் வராது என்று முன்பு சொன்னதற்கு மிக நெருங்கிய விதிவிலக்கு இது. 2024 டிசம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்த இத்தாலியின் புதிய சட்டப்படி, இரத்தத்தில் லிட்டருக்கு 0.8 கிராமுக்கு மேல் மதுவோடு ஓட்டித் தண்டனை பெற்றவரின் கார்டில் இவை ஏறுகின்றன. 1.5 கிராம் வரை குறைந்தது இரண்டு ஆண்டு, அதற்கு மேல் குறைந்தது மூன்று ஆண்டு.

மொழிபெயர்ப்பில் நான் எழுதுவது குறியீட்டின் பொருளை மட்டும். ‘மது அருந்தி ஓட்டியவர்’ என்று எழுத மாட்டேன், ஏனென்றால் கார்டில் அது இல்லை. இந்தக் குறியீடு மருத்துவக் காரணத்துக்கும் வரக்கூடும். கார்டு சொல்லாததைச் சேர்ப்பதும் சொன்னதை மறைப்பதும் ஒரே தப்புத்தான்.

70 எண்டு போட்டு ஒரு நீட்டு நம்பர், கடைசியில CL. இது என்னண்டே விளங்கேல்லை.

நீங்கள் இலங்கை லைசென்ஸைக் கொடுத்து இத்தாலிய லைசென்ஸ் வாங்கியவர், சரிதானே? 70 என்பது வேறொரு லைசென்ஸுக்குப் பதிலாகக் கொடுத்தது என்ற குறி. நடுவில் பழைய லைசென்ஸின் எண், கடைசியில் நாட்டின் எழுத்து. இலங்கைக்கு அந்த எழுத்து CL, சிலோன் காலத்திலிருந்து வாகனங்களின் பின்னால் ஒட்டும் அதே எழுத்து. நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டது, இந்த எழுத்து மட்டும் மாறவில்லை.

நம்மவர் அல்லாத மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இத்தாலியில் CL என்பது சிசிலியின் கல்தானிசெத்தா மாகாணத்தின் எழுத்தும்கூட. பலெர்மோவிலிருந்து வந்தவருடைய கார்டு என்றால் அப்படி வாசிப்பது இன்னும் சுலபம். சிலி என்று எழுதினவரும் உண்டு. 70-க்குப் பின்னால் வருவது நாடு, மாகாணம் இல்லை. இதைச் சரியாக எழுதாவிட்டால், இலங்கை லைசென்ஸ் பற்றிக் கவுண்டரில் கேட்கும்போது உங்கள் வாய் ஒன்று சொல்லும், தாள் வேறொன்று சொல்லும். பழைய இலங்கை லைசென்ஸின் பிரதி இருந்தால் கையில் கொண்டுபோங்கள்.

70-க்கு அடுத்த 71 வேறு. தொலைந்த அல்லது களவுபோன கார்டுக்குப் பதிலாகக் கொடுத்த நகல் என்று பொருள்.

நான் போலோஞ்ஞாவில லொறி ஓடினனான். C-யும் 95-உம் கிடக்கு. இங்க நேரா லொறி லைசென்ஸ் தருவாங்களோ?

தரமாட்டார்கள். இத்தாலி அங்கீகரிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இருப்பதால் எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் இல்லாமல் மாற்றலாம், ஆனால் அது காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான். கனரக வாகனத்துக்குப் பரீட்சை எழுதியாக வேண்டும்.

95 என்பது தொழில்முறை ஓட்டுநர் தகுதி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தத் தகுதி முடியும் தேதி, லைசென்ஸ் முடியும் தேதி அல்ல. மேலே உள்ள கார்டில் C 2029 வரை, 95 மட்டும் 2027 நவம்பர் வரை. வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு அனுபவத்தைக் காட்ட அந்த வரி பயன்படும். அதனால் இங்கே செல்லாது என்று அதை விடவேண்டாம்.

நாப்போலியில B வச்சுக்கொண்டுதான் 125 ஸ்கூட்டர் ஓடினனான். அதையும் போட்டு R லைசென்ஸ் எடுக்கலாமோ?

முடியாது. B இருப்பவர் 125 சிசி, 11 கிலோவாட் வரையுள்ள ஸ்கூட்டரை ஓட்டலாம் என்பது இத்தாலி தன் எல்லைக்குள் கொடுக்கும் சலுகை. அது கார்டில் எழுதப்படவில்லை. A1 வரியில் தேதி இல்லை, கோடுதான் இருக்கும். கோடு இருக்கும் இடத்தில் நான் கோடு என்றே எழுதுவேன். இங்கே சின்ன ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸான R வேண்டும். A1, A2, A வரிகளில் எதிலாவது தேதி இருப்பவர்தான் அதைக் காட்டிக் கேட்கலாம்.

பாஸ்போட்டில அப்பாட பேர் முதலில, பத்தெந்தேயில என்ர பேர் முதலில. நீங்கள் மாத்தி எழுதிவிடுங்கோவன்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இத்தாலியில் அதற்கு ஒரு பெட்டி இருந்ததால் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டார். நாம் எல்லோரும் பட்ட பாடு இது. ஆனால் மொழிபெயர்ப்பில் 1-இல் இருப்பது 1-இல்தான் இருக்க வேண்டும், எழுத்துக்கூட்டலும் ஒரு எழுத்து மாறக்கூடாது. நான் மாற்றினால் தாள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும், கார்டோடு ஒத்துப்போகாது. அது இன்னும் மோசம்.

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று காட்டுவதற்கு வேறு தாள்கள் இருக்கின்றன: பிறப்புச் சான்றிதழ், இத்தாலிய குடியிருப்பு அனுமதி, தேவைப்பட்டால் சத்தியக் கூற்று. எது வேண்டும் என்று கவுண்டரில் முதலே கேட்டுக்கொண்டு, பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். இரண்டு ஆவணத்தையும் ஒரே நாளில் செய்துவிடலாம்.

போன வருசம் செய்த மொழிபெயர்ப்பு இருக்கு. இடையில இத்தாலிக்குப் போய் கார்டைப் புதுப்பிச்சிட்டன். பழைய தாளே போதும்தானே?

போதாது. 2011, 2024 விஷயத்தில் சொன்னது போல, புதுப்பித்தால் கார்டே புதிது. 4a, 4b, 11-ஆம் நிரல் தேதிகள் மாறியிருக்கும். பழைய தாள் இப்போது உங்கள் கையில் இல்லாத ஒரு கார்டின் மொழிபெயர்ப்பு. கார்டு மாறவில்லை என்றால் பழைய தாளை நாள் பார்த்து யாரும் தள்ளுவதில்லை.

புதுக் கார்டை அனுப்பும்போது இரண்டு பக்கத்தையும், நான்கு மூலையும் தெரிய, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்பக்கத்தில் அட்டவணைக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன 12-ஆம் வரிதான் எப்போதும் வெட்டுப்படுகிறது.